நாட்குறிப்பு கட்டுரையாகும் விதம்

அன்றன்று நடந்தவற்றை அன்றன்றே தனக்காக எழுதி வைப்பது நாட்குறிப்பு. அதற்கு ஒரே ஒரு வாசகர்தான் உண்டு, அவர் எழுதியவரே. அதனால் நாட்குறிப்பில் பலவற்றைச் சொல்லாமலே விட்டுவிடலாம். ‘அவர் வந்தார்’ என்று எழுதினால் போதும். அவர் யார் என்பது எழுதியவருக்குத் தெரியும். ‘மறுபடியும் அதே பேச்சு’ என்று எழுதினால் போதும். எந்தப் பேச்சு என்பதும் தெரியும். அதே குறிப்பைப் பிறர் படிக்கும் அனுபவக் கட்டுரையாக மாற்றும்போதுதான் சிக்கல் எழுகிறது. விளக்கினால் உணர்ச்சி நீர்த்துப் போகிறது. விளக்காவிட்டால் வாசகருக்குப் புரிவதில்லை. இவ்விரண்டுக்கும் இடையே வழி காண்பது எப்படி என்பதை இப்பகுதியில் ஓர் எடுத்துக்காட்டின் வழி காண்போம்.

தமிழில் கிடைத்துள்ள பழைய நாட்குறிப்புகளுள் மிகவும் புகழ்பெற்றது ஆனந்தரங்கப் பிள்ளையினுடையது. அவர் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாகப் பணியாற்றியவர். 1736ஆம் ஆண்டு தொடங்கி, 1761இல் மறையும் காலம் வரை, தாம் கண்டதையும் கேட்டதையும் எழுதி வந்தார். அக்காலத்துப் பேச்சு வழக்கிலேயே, பல மொழிச் சொற்கள் கலந்து எழுதினார். அக்குறிப்புகள் 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தன. பிற்காலத்தில் எழுத்தாளர் பிரபஞ்சன் அவற்றை அடிப்படையாகக் கொண்டு நாவல்கள் எழுதினார். அவற்றுள் ஒன்றான ‘வானம் வசப்படும்’ 1995ஆம் ஆண்டு சாகித்திய அகாதமி விருதைப் பெற்றது. பிள்ளையின் நாட்குறிப்பை இவ்வாறு பிறருக்கு உரியதாக மாற்றியவர்கள் வேறு மனிதர்கள். அவர் எழுதாமல் விட்டதை அவர்கள் ஆராய்ந்தும் ஊகித்தும்தான் நிரப்ப வேண்டியிருந்தது. தம் நாட்குறிப்பைத் தாமே மாற்றி எழுதுபவருக்கு அந்தத் தொல்லை இல்லை. எழுதாமல் விட்டது எதுவென்று அவருக்குத் தெரியும். ஆனால், தமக்குத் தெரிந்தது பிறருக்கும் தெரியும் என்று எண்ணிவிடுவது அவருக்கே உரிய தொல்லை.

ஒரு குறிப்பு

நெகிரி செம்பிலானின் ரந்தாவ், லிங்கி, லாபு, பகாவ் போன்ற வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த காலம் ஒன்று உண்டு. தமிழ்க் குடும்பங்கள் பல அங்கே தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் சீவி வாழ்ந்தன. இன்று அத்தோட்டங்களுள் பல செம்பனைத் தோட்டங்களாகிவிட்டன. வேறு சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அத்தகைய தோட்டம் ஒன்றில் வளர்ந்த பதின்மூன்று வயது மாணவி ஒருத்தி எழுதியதாக, இப்பாடத்திற்கென அமைக்கப்பட்ட நாட்குறிப்பு இது:

“18.11.1986, செவ்வாய். இன்னிக்கும் மழை. அப்பா பெரட்டுக்குப் போயிட்டு அப்படியே திரும்பி வந்துட்டாரு. அம்மாவும் ஒண்ணும் கேக்கல. அப்பாவும் ஒண்ணும் சொல்லல. உளியத் தீட்டிக்கிட்டே இருந்தாரு. நேத்தே தீட்டுனதுதான். பாட்டி ‘மரத்துக்கும் ஒருநாளு லீவு வேணாமா’ன்னாங்க. யாரும் சிரிக்கல. கடைக்கு என்னைத்தான் அனுப்புனாங்க. அரிசி, சீனி. 555ல எழுதிக்கிட்டாரு. இந்த மாசம் இது ஆறாவது நாளு. எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு.”

இக்குறிப்பை எழுதியவர் இன்று பெரியவராகிவிட்டார் என்றும், இதைத் தோட்டத்தையே காணாத வாசகர்களுக்கான கட்டுரையாக மாற்ற விரும்புகிறார் என்றும் கொள்வோம். அவர் செய்ய வேண்டியவை என்ன?

சொல்லாமல் விட்டதைக் கண்டறிதல்

முதலில் குறிப்பின் ஒவ்வொரு வாக்கியத்தையும் வெளியூர் வாசகர் ஒருவரின் கண்ணால் படிக்க வேண்டும். அவர் எந்த இடத்தில் ‘ஏன்?’ என்று கேட்பார் என்று பார்க்க வேண்டும். இந்தக் குறிப்பில் அக்கேள்வி முதல் வாக்கியத்திலேயே பிறந்துவிடுகிறது. ‘இன்னிக்கும் மழை’ என்று படிக்கும் நகரத்து மாணவருக்கு மழை குளிர்ச்சியையும் ஓய்வையும் நினைவூட்டலாம். மழை பெய்ததற்கு ஏன் ஒரு குடும்பமே பேச்சிழந்து கிடக்கிறது என்பது அவருக்கு விளங்காது.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு அது விளங்கும். விடியற்காலைக் குளிரில்தான் இரப்பர் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால் வெளிச்சம் வரும் முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டும். மரப்பட்டையில் சரிவாகச் சீவிய கோட்டின் வழியே பால் இறங்கி, கீழே வைத்திருக்கும் மங்கில் சொட்டும். பட்டை மழையில் நனைந்திருந்தால் பால் அந்தக் கோட்டில் நிற்காது. ஈரப்பட்டை முழுவதும் பரவி வழிந்து வீணாகிவிடும். சீவிய பிறகு மழை வந்தாலும் மங்கில் நீர் நிறைந்து பால் கெட்டுப்போகும். ஆகவே, விடியற்காலையில் பலத்த மழை பெய்தால் பட்டை காயும்வரை காத்திருப்பார்கள். காயாவிட்டால் அன்று வெட்டு இல்லை. வேலைக்குப் போன நாளையும் கொண்டுவந்த பாலையும் பொறுத்துக் கூலி கிடைத்த காலத்தில், வெட்டு இல்லாத நாள் வருமானம் இல்லாத நாளாகும்.

இவ்வளவையும் கட்டுரையில் எழுத வேண்டுமா? வேண்டியதில்லை. அப்பாவின் மௌனம் வாசகருக்குப் புரிவதற்கு எது தேவையோ அது மட்டும் போதும். நனைந்த பட்டையில் பால் மங்குக்கு வந்து சேராது. அதனால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலி இல்லை. இந்த மூன்று செய்திகளே இங்குத் தேவை. குளிர், வெயில், ஓட்டம் ஆகியவை வேறொரு கட்டுரைக்கு உரியவை.

விளக்கத்தை எங்கே வைப்பது என்பதும் கவனிக்கத்தக்கது. அப்பா திரும்பி வந்த பிறகு, நடுவில் நிறுத்தி மழையைப் பற்றி விளக்கினால், வாசகரின் மனம் வீட்டை விட்டு வெளியே போய்விடும். திரும்பி வரும்போது அந்த மௌனத்தின் கனம் குறைந்திருக்கும். ஆகவே, நிகழ்ச்சி தொடங்கும் முன்பே, ஒரே இடத்தில், சுருக்கமாக விளக்கிவிட வேண்டும். அதன்பின் குறுக்கே வராமல் நிகழ்ச்சியை அதன் போக்கில் விட்டுவிடலாம்.

உணர்ச்சி எங்கே இருக்கிறது?

பேச்சுத் தமிழில் உள்ள குறிப்பை எழுத்துத் தமிழுக்கு மாற்றும்போது பலர் இப்படி எழுதிவிடுவார்கள்:

“அன்று மழை பெய்தது. அப்பா பெரட்டுக்குச் சென்று திரும்பினார். அப்பாவும் அம்மாவும் பேசவில்லை. அப்பா உளியைத் தீட்டினார். நான் கடைக்குச் சென்று அரிசியும் சீனியும் கடனாக வாங்கினேன். அது எனக்கு மிகவும் சோகமான நாளாக அமைந்தது.”

இதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. செய்தியும் ஏறத்தாழ முழுமையாக உள்ளது. ஆயினும் நாட்குறிப்பில் இருந்த கனம் இதில் இல்லை. எங்கே போயிற்று என்று இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் தெரியும்.

குறிப்பில் ‘வந்துட்டாரு’ என்று இருந்தது, இங்கே ‘திரும்பினார்’ என்றாகிவிட்டது. ‘வந்துட்டாரு’ என்பதன் எழுத்து வடிவம் ‘வந்துவிட்டார்’. அதில் உள்ள ‘விடு’ என்னும் துணைவினை, செயல் முடிந்துபோனதையும் இனி மாற்ற வழியில்லை என்பதையும் உணர்த்துகிறது. ‘தீட்டிக்கிட்டே இருந்தாரு’ என்பது ‘தீட்டினார்’ என்று சுருங்கிவிட்டது. ‘தீட்டிக்கொண்டே இருந்தார்’ என்று எழுதினால்தான் அந்த வேலை முடியாமல் நீண்டது தெரியும். ‘நேத்தே தீட்டுனதுதான்’ என்ற வாக்கியம் அடியோடு மறைந்துவிட்டது. நேற்றே கூராக்கிய உளியை ஒருவர் இன்று மறுபடியும் தீட்டுகிறார் என்றால், அவருக்குச் செய்வதற்கு வேறு எதுவும் இல்லை என்று பொருள். அந்தப் பொருளை ‘நேத்தே’ என்பதிலுள்ள ஏகாரமும், இறுதியில் உள்ள ‘தான்’ என்ற இடைச்சொல்லும் தாங்கி நிற்கின்றன.

‘அம்மாவும் ஒண்ணும் கேக்கல. அப்பாவும் ஒண்ணும் சொல்லல’ என்ற இரு வாக்கியங்களில் ‘உம்’ இரண்டு முறை தனித்தனியாக வருகிறது. அந்த இரு மௌனங்களும் வெவ்வேறானவை. ஒருவர் கேட்க அஞ்சுகிறார்; மற்றவரிடம் சொல்ல ஒன்றுமில்லை. ‘அப்பாவும் அம்மாவும் பேசவில்லை’ என்று சேர்த்து எழுதும்போது இரண்டும் ஒன்றாகி, இருவருக்கும் சண்டை என்று வாசகர் தவறாக எண்ணவும் இடமுண்டு. அதுபோலவே, ‘என்னைத்தான் அனுப்புனாங்க’ என்பதிலுள்ள ‘தான்’ போனதும், ‘நான் கடைக்குச் சென்றேன்’ என்ற வெறும் செய்தி மிஞ்சுகிறது. பெரியவர்கள் மூவர் வீட்டில் இருக்க, சிறுமியை ஏன் அனுப்பினார்கள் என்ற கேள்வியும் அந்த ‘தான்’ உடனேயே போய்விடுகிறது.

ஆகவே, தமிழில் உணர்ச்சியின் பெரும்பகுதி வினைச்சொல்லின் வாலிலும் சிறிய இடைச்சொற்களிலும் தங்கியிருக்கிறது என்பது தெளிவாகிறது. பேச்சு வழக்கை எழுத்து வழக்காக்கும்போது சொல்லின் வடிவத்தை மாற்றலாம். துணைவினையையும் இடைச்சொல்லையும் கைவிடக்கூடாது. ‘போயிட்டு’ என்பது ‘போய்விட்டு’ ஆகட்டும். ‘தீட்டிக்கிட்டே’ என்பது ‘தீட்டிக்கொண்டே’ ஆகட்டும். அவை விழுந்துவிட்டால், அந்த இழப்பை ஈடுசெய்ய ‘மிகவும் சோகமான’ போன்ற அடைமொழிகள் தாமாகவே உள்ளே வந்துவிடும். உங்கள் வரைவில் ‘மிகவும்’ என்ற சொல் வரும் இடத்தில் நின்று, மூலக் குறிப்பை மீண்டும் பாருங்கள். அங்கே ஏதோ ஒரு சிறிய சொல் விடுபட்டிருப்பதைக் காணலாம்.

தோட்டத்துச் சொற்கள்

பெரட்டு, உளி, மங்கு, வெட்டு, 555 ஆகியவை தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அன்றாடச் சொற்கள். பெரட்டு என்பது வேலைக்குச் செல்லும் முன் எல்லாரும் கூடி நிற்க, பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் நிகழ்ச்சி. 555 என்பது கடைக்கணக்கு எழுதும் சிறிய குறிப்புப் புத்தகம். அட்டையில் அந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். கடனுக்கு வாங்கிய சாமானையும் தொகையையும் அதில் எழுதி, சம்பளம் வந்ததும் கணக்கு முடிப்பார்கள்.

இச்சொற்களுக்குப் பதிலாக ‘வருகைப் பதிவு’, ‘கிண்ணம்’, ‘கடனேடு’ என்று எழுதலாம். ஆனால், அவ்வாறு எழுதினால் அந்த இடம் தோட்டமாக இராது. எங்கோ ஓர் அலுவலகமாகவோ அங்காடியாகவோ தோன்றும். அச்சொற்களை வைத்துக்கொண்டு, பொருளை வாக்கியத்திற்குள்ளேயே உணர்த்துவது நல்லது. ‘விடியும் முன் பெரட்டுக்குப் போன அப்பா, பெயர் கூப்பிடும் இடத்தில் நின்றுவிட்டு’ என்று எழுதினால் பெரட்டு எதுவென்று தானே விளங்கிவிடும். ‘கடைக்காரர் 555 புத்தகத்தில் கடனை எழுதிக்கொண்டார்’ என்றால் அதற்கும் தனி விளக்கம் தேவைப்படாது. எந்தச் சொல்லை இவ்வாறு உணர்த்த முடியவில்லையோ, அது அந்தக் கட்டுரைக்கு இன்றியமையாததா என்று எண்ணிப் பார்த்து, இல்லையென்றால் விட்டுவிடலாம்.

பாட்டியின் பேச்சை மட்டும் எழுத்து வழக்குக்கு மாற்றக்கூடாது. ‘மரத்திற்கும் ஒருநாள் விடுமுறை வேண்டாமா?’ என்று பாட்டி பேசினால், அவர் மேடையில் நிற்பவர்போல் ஆகிவிடுவார். கட்டுரை எழுத்துத் தமிழில் நடக்க, மேற்கோள் குறிக்குள் மட்டும் பேச்சுத் தமிழ் ஒலிப்பதில் தவறில்லை. கட்டுரை முழுவதும் ஒரே குரலாக இருக்கும்போது, அந்த ஒரு வரியில்தான் வாசகர் வீட்டுக்குள் இருப்பதாக உணர்கிறார்.

நடையின் தாளம்

நாட்குறிப்பின் தாளம் பெரும்பாலும் தானாக அமைவது. களைப்பிலோ மனச்சுமையிலோ எழுதுபவர் சின்னச் சின்ன வாக்கியங்களாக எழுதுவார். கட்டுரை எழுதும்போது நமக்கு வாக்கியங்களை இணைக்கும் பழக்கம் வந்துவிடுகிறது. தமிழில் வினையெச்சங்களைக் கொண்டு எத்தனை வாக்கியங்களையும் ஒன்றாகக் கோக்கலாம். ‘அப்பா பெரட்டுக்குப் போய், திரும்பி வந்து, எதுவும் சொல்லாமல் உட்கார்ந்து, உளியைத் தீட்டிக்கொண்டே இருக்க, பாட்டி சொன்னதைக் கேட்டும் யாரும் சிரிக்காமல் போக’ என்று நீட்டிக்கொண்டே போகலாம். இவ்வாறு எழுதினால் எல்லாம் ஒரே ஓட்டமாகிவிடும். மௌனத்திற்கு இடம் இருக்காது.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. குறிப்பிலும் வரைவிலும் உள்ள வினைமுற்றுகளின் கீழ்க் கோடிட்டு, எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு வினைமுற்றும் மூச்சு நிற்கும் ஓர் இடம். குறிப்பில் மூச்சு நின்ற இடங்களுள் எவை முக்கியமானவையோ, அவை கட்டுரையிலும் தனி வாக்கியங்களாக நிற்க வேண்டும். ‘யாரும் சிரிக்கவில்லை’ என்பது அத்தகைய இடம். முன்னும் பின்னும் உள்ள எதனோடும் அதை இணைக்கக் கூடாது. மாறாக, அப்பா பெரட்டுக்குப் போய்த் திரும்பியது ஒரே நடையாக நடந்தது. அதை வினையெச்சங்களால் இணைத்து ஒரு நீண்ட வாக்கியமாக்கலாம். நீண்ட வாக்கியத்திற்குப் பின் வரும் குறுகிய வாக்கியம் கூடுதல் அழுத்தம் பெறும். எல்லாமே குறுகியதாக இருந்தாலும் அழுத்தம் குறைந்துவிடும். எழுதி முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படித்தால், எங்கே இணைத்தது மிகை, எங்கே வெட்டியது மிகை என்பதைக் காது சொல்லிவிடும்.

அன்று எழுதியவரும் இன்று எழுதுபவரும்

நாட்குறிப்பில் ஒரே காலம்தான் உண்டு. கட்டுரையில் இரண்டு காலங்கள் உண்டு: நிகழ்ச்சி நடந்த அந்த நாள், அதைத் திரும்பிப் பார்க்கும் இந்த நாள். ஆகவே, சுட்டுச் சொற்கள் மாற வேண்டும். ‘இன்னிக்கும்’ என்பது ‘அன்றும்’ ஆகும். ‘நேத்தே’ என்பது ‘முதல் நாளே’ ஆகும். ‘இந்த மாசம்’ என்பது ‘அந்த மாதம்’ ஆகும். அண்மைச் சுட்டு சேய்மைச் சுட்டாகும்போது, சொன்னவர் தொலைவில் நின்று பார்ப்பது வாசகருக்குத் தெரிகிறது. ‘இன்று’ என்ற சொல்லை, எழுதுபவர் தம் இன்றைய எண்ணத்தைச் சொல்லும் இடத்திற்கென வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த இன்றைய எண்ணம்தான் நாட்குறிப்பில் இல்லாதது. கட்டுரையில் புதிதாகச் சேர்வது. அது எங்கிருந்து வரவேண்டும்? குறிப்பிலேயே அன்றைய சிறுமிக்கு விளங்காமல் நின்ற இடத்திலிருந்து வரவேண்டும். இங்கே அந்த இடம் ‘எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு’ என்பது. அவளுக்குப் பசி இல்லை. யாரும் அவளைத் திட்டவும் இல்லை. பின் ஏன் ஒரு மாதிரியாக இருந்தது? ‘என்னைத்தான்’ என்று அவள் எழுதியதில் அதன் விடை மறைந்திருக்கிறது. அந்த மாதத்தில் ஆறு நாள் கூலி போய்விட்ட நிலையில், கடைக்குப் போய்க் கடன் கேட்க அப்பாவுக்கு முகம் இல்லை. சிறுமியாகப் போனால் கடைக்காரர் பழைய பாக்கியைப் பேசமாட்டார். அன்று அவளால் உணர முடிந்தது. பெயரிட்டுச் சொல்ல முடியவில்லை. இன்று அவரால் சொல்ல முடிகிறது.

இவ்விடத்தில் இரண்டு பிழைகள் நேர்வதுண்டு. முதலாவது, இன்றைய அறிவை அன்றைய சிறுமியின் வாயில் வைத்துவிடுவது. ‘அப்பா வெட்கப்படுகிறார் என்று எனக்குப் புரிந்தது’ என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்; பதின்மூன்று வயதில் அவள் அப்படி எழுதவில்லை. இரண்டாவது, இறுதியில் ‘இதனால் நாம் வறுமையிலும் செம்மையாக வாழவேண்டும் என்பதை அறிகிறோம்’ என்று படிப்பினை எழுதுவது. அது அந்த மழைநாளில் இருந்து வந்ததன்று. எந்த நாளுக்கும் ஒட்டிவிடக்கூடிய வாசகம்.

கட்டுரை வடிவம்

மேற்கூறியவற்றைப் பின்பற்றி எழுதினால் அக்குறிப்பு இவ்வாறு அமையலாம்:

“1986ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் எங்கள் தோட்டத்தில் மழை ஓயவில்லை. பால்மரத்துக்கு மழை ஆகாது. பட்டை நனைந்திருந்தால், சீவிய கோட்டில் இறங்க வேண்டிய பால் பட்டையெங்கும் வழிந்துவிடும். மங்குக்கு வந்து சேராது. அதனால் மழைநாளில் வெட்டு இல்லை. வெட்டு இல்லையென்றால் கூலியும் இல்லை.

அன்றும் மழை. விடியும் முன் பெரட்டுக்குப் போன அப்பா, பெயர் கூப்பிடும் இடத்தில் மற்றவர்களோடு நின்றுவிட்டு, அப்படியே திரும்பி வந்துவிட்டார். அம்மாவும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவும் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்து உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். முதல் நாளே தீட்டியதுதான்.

‘மரத்துக்கும் ஒருநாளு லீவு வேணாமா?’ என்றார் பாட்டி.

யாரும் சிரிக்கவில்லை.

கடைக்கு என்னைத்தான் அனுப்பினார்கள். அரிசியும் சீனியும் வாங்கினேன். கடைக்காரர் 555 புத்தகத்தில் கடனை எழுதிக்கொண்டார். வெட்டு இல்லாமல் போனது, அந்த மாதத்தில் அது ஆறாவது நாள்.

ஏன் என்னை அனுப்பினார்கள் என்று அன்று நான் கேட்கவில்லை. ஒரு மாதிரியாக இருந்தது, அவ்வளவுதான். இன்று எனக்கு அப்போதைய அப்பாவின் வயது. கடன் கேட்டு நிற்கும் பெரியவரிடம் கடைக்காரர் பழைய பாக்கியைப் பேசலாம். சிறுமியிடம் பேசமாட்டார். அப்பாவுக்கு அது தெரிந்திருக்கும். இருட்டிலே காட்டுக்குள் நடந்து பழகிய அவருக்கு, அந்தக் கடைவரை நடக்க மட்டும் கால் வரவில்லை.”

இதில் ‘சோகம்’ என்ற சொல் எங்கும் இல்லை. குறிப்பில் இருந்த நிகழ்ச்சிகளுள் எதுவும் விடப்படவில்லை. நிகழ்ச்சியில் எதுவும் கற்பனையாகச் சேர்க்கப்படவும் இல்லை. கடைக்காரர் முகம் சுளித்தார் என்றோ, வழியில் சிறுமி அழுதாள் என்றோ எழுதியிருந்தால் கட்டுரை இன்னும் உருக்கமாக இருந்திருக்கலாம். ஆனால், குறிப்பில் அது இல்லை. நினைவில் உறுதியாக இருப்பதைச் சேர்க்கலாம். இருந்திருக்கும் என்று தோன்றுவதைச் சேர்க்கலாகாது. அப்பாவின் மனத்தைப் பற்றிய வரியிலும் ‘தெரிந்திருக்கும்’ என்ற சொல் ஊகத்தை ஊகமாகவே காட்டுகிறது.

வெளியிடும் முன்

இறுதியாக ஒன்று. நாட்குறிப்பில் நாம் மட்டும் இருப்பதில்லை. நம் வீட்டாரும் இருக்கிறார்கள். கடன், சண்டை, நோய் ஆகியவற்றைத் தம்மைப் பற்றி நாம் எழுதுவது அவர்களுக்குத் தெரியாது. மேலே கண்ட கட்டுரையில் கடையின் பெயரும் கடன் தொகையும் இல்லாதது அதனால்தான். அவை இல்லாவிட்டாலும் பொருள் குறையவில்லை. எழுதியதை முதலில் அப்பாவிடமோ அம்மாவிடமோ படித்துக் காட்டலாம். அவர்கள் வேண்டாம் என்று சொல்லும் வரியை நீக்கிவிட வேண்டும். அந்த வரி இல்லாமல் கட்டுரை நிற்காது என்றால், அந்தக் குறிப்பு நாட்குறிப்பாகவே இருக்கட்டும். வேறொரு நாளின் குறிப்பை எடுத்துக்கொள்ளலாம்.